வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு: போட்டு முடித்த ஊசியை என்ன செய்வது?

இன்சுலினோ, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியோ, வேறு மருந்தோ, எங்கள் பெரம்பூர் கிளினிக்கில் எழுதித் தந்து நீங்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் எல்லா ஊசிக்கும் இந்தத் தாள் பொருந்தும். விரலில் குத்தி சர்க்கரை பார்க்கும் லான்செட்டும் ஊசிதான். அது சின்னது என்று பலர் அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா கையைப் பிடித்தபடி இங்கே ஓடி வந்தார். பேட்டரி வண்டியில் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பால் கவருக்குள் இருந்த ஊசி கையுறையையும் தாண்டி விரலில் ஏறிவிட்டது. யார் வீட்டு ஊசி, அவருக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி என எல்லாவற்றுக்கும் பரிசோதனை செய்து, மாதக்கணக்கில் பயந்துகொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

எந்த டப்பா?

கடையில் தனியாக வாங்க வேண்டியதில்லை. துணி துவைக்கும் லிக்விட், பினாயில், டாய்லெட் கிளீனர் வரும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா போதும். காலியானதும் நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது, திருகுமூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கீழே வைத்தால் சாயாமல் நிற்க வேண்டும். குடிநீர் பாட்டில், பால் கவர், கேரி பேக் எதுவும் வேண்டாம், ஊசி குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். கண்ணாடிப் பாட்டில் உடையும்.

பழைய லேபிளைக் கிழித்துவிட்டு, அழியாத மார்க்கரில் பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: "போட்ட ஊசி உள்ளது. திறக்காதீர்கள்." வீட்டில் வேலை செய்பவருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாயாலும் சொல்லிவையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பீரோ மேலேயோ பூட்டிய அலமாரியிலோ வைக்கலாம். ஆனால் ஊசி போடும்போது டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "அப்புறம் போட்டுக்கலாம்" என்று மேசையில் வைத்த ஊசிதான் பெரும்பாலும் யாரையாவது குத்துகிறது.

சிரிஞ்சில் போடுகிறவர்கள், போட்டவுடன் மூடியை மறுபடி மாட்டாமல், வளைக்காமல், உடைக்காமல், ஊசிமுனை கீழே இருக்கும்படி முழுசாக டப்பாவில் போடுங்கள். இன்சுலின் பேனா என்றால் முனையை மட்டும் கழற்ற வேண்டும். பெரிய வெளிமூடியை மேசைமேல் வாய் மேலே பார்க்கும்படி நிறுத்தி, மூடியைக் கையால் பிடிக்காமல், பேனாவை ஒரு கையால் இறக்கி முனையை அதற்குள் செருகுங்கள். சரியாக உள்ளே போன பிறகு மூடியை அழுத்தித் திருகினால் முனை கழன்று வரும். மூடியோடு டப்பாவில் போடுங்கள். முனையைப் பேனாவிலேயே விட்டுவைக்காதீர்கள், மருந்து கசியும், காற்றும் புகும். உங்களுக்கு மகனோ மகளோ நர்ஸோ ஊசி போட்டுவிடுகிறார் என்றால், மூடியை மாட்டும் வேலையே அவருக்கு வேண்டாம். ஒருமுறை அழுத்தினால் தானாகக் குத்தும் பேனாவைப் பிரிக்காமல் அப்படியே போடலாம். புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவர்கள் தனி டப்பா வைத்துக்கொண்டு, தரும்போது மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

முக்கால் பாகம் நிரம்பியதும் நிறுத்திவிடுங்கள். இடம் பண்ண உள்ளே கைவிடவோ, குலுக்கி அழுத்தவோ வேண்டாம். மூடியை இறுக்கித் திருகி, சுற்றி டேப் ஒட்டுங்கள்.

எங்கே தருவது?

எங்களிடமே கொண்டுவாருங்கள். திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் மதியம் 1 மணி வரை, ரத்தம் எடுக்கும் அறையில் இருக்கும் நர்ஸிடம் தரலாம். கட்டணம் இல்லை. எங்கள் மருத்துவக் கழிவோடு சேர்த்து முறையாக அனுப்பிவிடுவோம். பஸ்ஸில் வருகிறவர்கள் கட்டைப்பையில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். மாதப் பரிசோதனைக்கு வரும்போது எடுத்துவந்தால் தனி அலைச்சல் இல்லை.

மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் போடாதீர்கள். டாய்லெட்டில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். பிளாஸ்டிக்தானே என்று பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடவே கூடாது. அவர் அதைத் திறந்துதான் பார்ப்பார்.

யாரையாவது குத்திவிட்டால்

உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், டெட்டாலோ பிளீச்சோ ஊற்றாதீர்கள். அடுத்தவருக்குப் போட்ட ஊசி என்றால், அன்றே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போகலாம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள், அட்டை இருந்தால் எடுத்துப்போங்கள்.

டப்பா கிடைக்கவில்லை என்றால் அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள். கழுவிக் காயவைத்த காலி டப்பாக்கள் சில எங்களிடம் எப்போதும் இருக்கும்.