நீ விலகுவது பற்றி: பங்கு, பணம், வாடிக்கையாளர்கள்

நண்பா,

சனிக்கிழமை பேசும்போது இரண்டு பேருமே கொஞ்சம் சூடாகிவிட்டோம், அதனால் என் பக்கத்தை எழுதியே அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

முதலில் உன் 40 சதவீதப் பங்கின் மதிப்பு. கடந்த ஆண்டு லாபம் 18 லட்சம், அதை மூன்றால் பெருக்கு என்கிறாய். அந்த 18-ல் பெரும்பகுதி ஒரே ஒரு பெரிய மெஷின் ஆர்டரில் வந்தது என்பது உனக்கும் தெரியும். மூன்று ஆண்டு லாபம் 11, 13, 18, சராசரி 14. இது நம் இருவர் சம்பளமும் கழித்த பிறகு உள்ள கணக்கு. மூன்று மடங்கு போட்டால் 42, வங்கிக் கடன் 9 போக 33, அதில் உன் பங்கு 13.20 லட்சம். அந்தப் பெரிய ஆர்டர் 12 மாதத்துக்குள் திரும்ப வந்தால் அதன் லாபத்தில் 40 சதவீதம் தனியாகத் தருகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் வராமல் நிற்கும் பாக்கியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, வசூலாக வசூலாக உன் பங்கு வந்துவிடும்.

மொத்தமாகக் கொடுக்க என்னால் முடியாது, கொடுத்தால் அடுத்த மாதச் சம்பளத்துக்கே திண்டாட வேண்டும். கையெழுத்தன்று 3.20, அப்புறம் மாதம் 50 ஆயிரம் வீதம் 16 மாதம், மீதி 2 லட்சம் 18-வது மாதம். தவணை தவறினால் தாமதமான தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி.

நீ கேட்காத ஒன்று: வங்கிக் கடனுக்கு உன் ஜாமீன் இன்னும் இருக்கிறது. நீ வெளியேறினாலும் வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை அது உன் கழுத்தில்தான், நமக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. அந்தக் கடிதம் வராமல் நீ கையெழுத்துப் போடாதே, நானும் கேட்கமாட்டேன். சரக்கு தருபவர்களுக்கும் நீ விலகியதை எழுத்தில் சொல்லிவிடுவோம், இல்லையென்றால் நான் வாங்கும் கடனுக்கு உன்னைத் தேடி வருவார்கள்.

வாடிக்கையாளர்கள்தான் எனக்கு உண்மையான கவலை. 22 பேரில் 9 பேர் உன்னைத் தவிர யாருக்கும் போன் செய்வதில்லை, மெஷின் நின்றால் ராத்திரியிலும் உன்னைத்தான் எழுப்புவார்கள். அந்த 9 பேரையும் இரண்டு மாதத்துக்குள் நாம் சேர்ந்தே போய்ப் பார்க்க வேண்டும், என்னை நீயே அறிமுகப்படுத்த வேண்டும். யாருக்கு என்ன விலை சொல்லியிருக்கிறாய், வாய்வார்த்தையாக என்ன சலுகை கொடுத்திருக்கிறாய் என்று எழுதிக் கொடு. நீ பயன்படுத்தும் போன் எண் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போ. 18 மாதம் இந்த 22 பேரிடம் சர்வீஸ் வேலை எடுக்காதே. புது ஆட்களிடம் தாராளமாகச் செய், அதைத் தடுக்க மாட்டேன். கடைசி 2 லட்சத்தை இதற்காகத்தான் பின்னால் வைத்திருக்கிறேன். அவர்களில் யாராவது உன் பின்னால் வந்தால் அதில் கழியும். தாங்களாகவே வேறெங்காவது போனால் அது என் பாடு, உன்னிடம் பிடிக்கமாட்டேன்.

மூன்று ஆண்டு சராசரிக்கு மூன்று மடங்கு என்பதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை, கையெழுத்தன்று தரும் தொகையில் வேண்டுமானால் கொஞ்சம் பேசலாம். புதன்கிழமைக்குள் பதில் சொல், வெள்ளியன்று ஆடிட்டரிடம் வரைவைக் கொடுத்துவிடலாம்.