பாட்டிலைத் திறக்கும் முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்கள்

(ஆனேக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாரியம்மன் கோயில் மேடையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற அண்ணன்மார் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள், மைக் சரியில்லை, கத்திப் பேசினால் எனக்கு இருமல் வரும்.

நான் அதிகாரி இல்லை, மருந்துக் கடைக்காரனும் இல்லை. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன், பாதி தக்காளி, மிச்சத்தில் கோஸும் ராகியும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே தக்காளிப் போகத்துக்கு ஒன்பது தடவை மருந்து அடித்தேன். கடைசி மூன்று தடவை கடையில் இரண்டு பாட்டிலைக் காட்டி "ரெண்டையும் கலந்து அடிங்க, நல்லா கேட்கும்" என்றார்கள், அடித்தேன். காய்ப்புழு குறையவில்லை, மேலே சிலந்திப்பேன் வந்து இலை முழுக்கச் செம்பட்டையாகிவிட்டது. பக்கத்து வயலில் மல்பெரி போட்டிருந்த சித்தப்பாவுடைய பட்டுப்புழுவும் செத்தது, காற்றில் போன மருந்தால்தான். அவர் இன்று வரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நியாயம்தான்.

சிலந்திப்பேன் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியவில்லை. அது ஏற்கனவே வயலில் இருந்தது, அதைத் தின்கிற பூச்சிகளும் இருந்தன. நான் அடித்த மருந்தில் தின்கிறவை முதலில் செத்தன. சிலந்திப்பேனுக்கு அந்த மருந்து கேட்கவே இல்லை, காவல்காரன் இல்லாத தோப்பு மாதிரி ஆகிவிட்டது. பூச்சி புழுவை நாம் கன்னடத்தில் ஹுளு என்று சொல்கிறோமே, அந்த ஹுளு எல்லாம் எதிரி இல்லை.

இந்தப் பாட்டிலைப் பாருங்கள், கையோடு கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே கருப்பாக, முதுகில் ஆரஞ்சு புள்ளியோடு முதலைக் குட்டி மாதிரி ஒன்று ஓடுகிறது பாருங்கள். யார் யார் இதை நசுக்கியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். சரி, நானும் தூக்கிக்கொள்கிறேன். இது பொறிவண்டுடைய குட்டி. செடியின் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியைத் தின்பதுதான் இதன் வேலை. வண்டைப் பார்த்தால் அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம், குட்டியைப் பார்த்தால் பயந்துபோய் மருந்து அடிக்கிறோம்.

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: வயலைப் பார், எண்ணு, கையால் முடிவதைக் கையால் செய், நல்ல பூச்சிக்கு வேலை கொடு, மருந்து கடைசியில். வாரம் ஒரு நாள் காலையில், வெயில் ஏறுவதற்குள், வயலில் ஐந்து இடத்தில் நான்கு நான்கு செடியாக இருபது செடியைப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பூச்சி மேலே உட்கார்ந்து உங்களுக்குக் காட்சி தராது. கெட்டது எத்தனை, நல்லது எத்தனை என்று பழைய நோட்டில் கோடு போட்டு வையுங்கள். போன வாரத்தைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

தக்காளிக்கு ஒரு வழி, ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் சொன்னது, நான் செய்து பார்த்தது. பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி, உயரமாக வளர்கிற ரகம். தக்காளி நாற்று 25 நாளில் நடும்போது செண்டுமல்லி நாற்று 40, 45 நாள் வயதில் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டு அந்தப் பூவில் போய் முட்டை வைக்கும். பூவைப் பறித்து மார்க்கெட்டில் விற்கலாம், ஆனால் புழு இருக்கிற பூவை வரப்பில் போட்டுவிடாதீர்கள், எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். கோஸுக்கு இதே மாதிரி கடுகு: 25 வரிசைக்கு இரண்டு வரிசை, ஒன்றை நடவுக்கு 15 நாள் முன்னாலும் இன்னொன்றை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். வைரமுதுகுப் பூச்சி கடுகில்தான் போய் உட்காரும், மருந்து தேவைப்பட்டால் அந்தக் கடுகில் மட்டும் அடித்தால் போதும்.

கத்திரிக்குச் செண்டுமல்லி, கடுகு மாதிரிப் பொறிப்பயிர் எல்லாம் வேண்டாம், கத்தரிக்கோல் போதும். நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம், அந்த நுனியைக் கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள். ஊரே ஒன்றாகச் செய்தால்தான் பலன், ஒருத்தர் வயலில் விட்டால் பக்கத்து வயலுக்குப் பறந்து வந்துவிடும்.

ஆண் அந்துப்பூச்சியை வாசனை மாத்திரையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து கட்டுங்கள். வாங்கும்போது எந்தப் புழுவுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். போன வருடம் என் மச்சான் கத்திரிப்புழுவுக்கான மாத்திரையைத் தக்காளியில் கட்டிவிட்டு "இதெல்லாம் ஏமாத்து வேலை" என்று ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தார்.

டிரைக்கோகிராம்மா என்கிற சின்னக் குளவியின் அட்டையை ஹெப்பாளில் இருக்கிற தேசியப் பூச்சி வள மையம் போன்ற இடங்களில் தயாரிக்கிறார்கள். அட்டையில் கருப்பாக ஒட்டியிருப்பது குளவிக் குழந்தைகள், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னவை, இவை பொரிந்து வந்து அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தங்கள் முட்டையை வைக்கும். பைக்கில் வெயிலில் வைத்துக் கொண்டுவந்தால் செத்துவிடும். சாயங்காலம் இலைக்கு அடியில் பின் அடித்துவிட்டு, அதற்கு அப்புறம் மருந்து டேங்க் தூக்காதீர்கள். குளவிக்குக் காசு கொடுத்துவிட்டு நாமே கொல்லக் கூடாது.

பூச்சி பூச்சியை அடக்குமா என்று அங்கே தாத்தா சந்தேகமாகத் தலை ஆட்டுகிறார். பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா தாத்தா? 2008-இல் கோயம்புத்தூர் பக்கம் தெரிந்தது, அப்புறம் நம் பக்கத்துப் பப்பாளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது. எத்தனை மருந்து அடித்தோம், அந்த மெழுகுக்குள் இறங்கவே இல்லை. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து ஹெப்பாளில் வளர்த்து விட்டார்கள், அடங்கிவிட்டது. அதற்கு அப்புறம் யாரும் அதற்காக டேங்க் தூக்கவில்லை.

இப்போது வேப்பம்பழம் விழுகிற சமயம், பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, நூறு லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப் கரைத்துவிட்டு சாயங்காலத்தில் அடியுங்கள். வெயிலில் வீரியம் போய்விடும். அடித்தவுடன் பூச்சி செத்து விழாது, தின்பதை நிறுத்தும், மெதுவாகக் குறையும். மூன்று நாளில் "ஒண்ணும் ஆகலை" என்று பாட்டிலுக்கு ஓடாதீர்கள்.

எல்லாம் செய்தும் ஏறுகிறதா? அப்போது மருந்து அடியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீட்டில் இருக்கிற முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்புதான் அதிக விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு பக்கம் போகாதீர்கள். சீட்டில் போட்ட அளவுதான், மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிவிடும், கோஸ் விவசாயிகளைக் கேளுங்கள், வைரமுதுகுப் பூச்சி எதற்கும் சாகாமல் நிற்கிற கதையைச் சொல்வார்கள். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்றும் சீட்டில் இருக்கும், கன்னடத்தில் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், அந்தப் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

நாளைக்குக் காலை ஆறரைக்கு ஏரிக்கரை ஓரத்தில் இருக்கிற என் தக்காளி வயலுக்கு வாருங்கள், சேர்ந்து இருபது செடி எண்ணிப் பார்ப்போம். விவசாயத் துறையின் ரைத சம்பர்க்க கேந்திரத்தில் பொறி வந்திருக்கிறதா என்று ஹோப்ளிக்குப் போகிறவர் யாராவது கேட்டுக்கொண்டு வாருங்கள். பக்கத்துத் தெரு சித்தப்பாவையும் யாராவது கூட்டிவாருங்கள், நான் கூப்பிட்டால் வர மாட்டார்.