ஒரு வீடு, மூன்று தலைமுறை: செயற்றிட்ட யோசனைகள்
(பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் மாணவர்களுக்கு, ஸ்காபரோ)

பிள்ளைகளுக்கு,

தலைப்பு எல்லாருக்கும் ஒன்றுதான்: எங்கள் வீடுகளில் மொழி எப்படி மாறுகிறது. கீழே உள்ளவற்றில் ஒன்றை எடுங்கள். “தமிழ் அழிகிறதா?” என்ற தலைப்பு மட்டும் வேண்டாம். அதற்கு விடையை முதலே முடிவுகட்டிவிட்டுத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள்.

1. சாப்பாட்டு மேசை. அரை மணித்தியாலம் ஒலிப்பதிவு செய்யுங்கள். யார் யாரோடு எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்று அட்டவணை போடுங்கள். அம்மம்மாவோடு தமிழில் கதைத்துக்கொண்டிருக்கும் அம்மா, தம்பி பக்கம் திரும்பியதும் “ஹோம்வேர்க் முடிச்சிட்டியா, ஷோ மீ” என்கிறாரா? அந்த இடத்தைக் குறியுங்கள். “நாங்கள் வீட்டில் தமிழ்தான்” என்று பெற்றோர் சொல்வதை ஆதாரமாக எழுத வேண்டாம். பதிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். அப்போது எல்லாரும் வானொலி அறிவிப்பாளர் மாதிரித்தான் கதைப்பார்கள்.

2. மூத்தவரும் கடைசியும். எனக்கு மிகப் பிடித்த யோசனை இது. மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கலாம். கடைசிப் பிள்ளைக்கோ அக்காவே ஆங்கிலத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். மூன்று தலைமுறைக் கணக்கு என்று ஒன்று உண்டு: வந்தவர்களுக்குத் தாய்மொழி, பிள்ளைகளுக்கு இரண்டு மொழி, பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும். அமெரிக்கக் குடியேறிகளை ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மனின் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். ஒரே தலைமுறைக்குள், ஒரே வீட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? ஒரே படத்தைக் காட்டி, சகோதரர் ஒவ்வொருவரையும் தனித்தனியே தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். யார் எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள் என்று ஒப்பிடுங்கள்.

3. மொன்றியல் உறவினர். கியூபெக்கில் 1977இல் வந்த 101ஆம் சட்டத்தால் குடியேறியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிரெஞ்சில்தான் படிக்கிறார்கள். அங்குள்ள மச்சானும் இங்குள்ள நீங்களும் தொலைபேசியில் எந்த மொழியில் கதைக்கிறீர்கள்? தமிழ் அங்கே பொதுமொழியாக நிற்கிறதா, அல்லது ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டதா?

4. வட்ஸ்அப் குடும்பக் குழு. அப்பப்பா குரலில் அனுப்புகிறார், அம்மா தமிழில் தட்டுகிறார், நீங்கள் “sapten” என்று ஆங்கில எழுத்தில் பதில் போடுகிறீர்கள். ஒரு வாரத்துச் செய்திகளை மொழி, எழுத்து என்று பிரித்தால் போதும்.

5. குடித்தொகைக் கணக்கெடுப்பு. கனடாவில் தாய்மொழி எது என்றும், வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்றும் தனித்தனியே கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் இரண்டுக்கும் என்ன பதில் சொல்வார்கள்? 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த தாத்தாவின் பதிலும் இங்கே பிறந்த பேத்தியின் பதிலும் எங்கே பிரிகின்றன?

பதிவு செய்ய முன் எல்லாரிடமும் அனுமதி கேளுங்கள், அம்மம்மாவிடமும்தான். “சும்மா கதையுங்கோ” என்று சொல்லி மறைத்துப் பதிவு செய்தால் அந்த வேலையை ஏற்க மாட்டேன். கட்டுரையில் பெயர் வேண்டாம். ‘பாட்டி’, ‘மகள்’, ‘பேரன்’ என்று எழுதினால் சரி. எந்த யோசனை என்று அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சொல்லுங்கள்.