எழுத்தும் அரசும்: மாலை வகுப்பு, 4ஆம் வாரக் கேள்விகள்

வரும் வியாழன் மாலை 7 மணிக்கு இந்தத் தாளை வைத்துத்தான் பேசப்போகிறோம். எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டாம். 2ஆம் கேள்வியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். மற்றவற்றில் பிடித்த இரண்டு போதும். வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள் என்று தெரியும், அதனால் அரைப் பக்கம் எழுதினாலே நிறைவு. வரும்போது வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கணக்குத் துண்டு கொண்டுவாருங்கள்: பால் கணக்கு அட்டை, பழைய ரேஷன் கார்டு, கடைச் சிட்டை, எதுவானாலும் சரி.

1. தெற்கு இராக்கில் இருந்த உருக் நகரில், கி.மு. 3300 முதல் 3000 வரையிலான காலத்துக் களிமண் பலகைகள் ஏறத்தாழ 5,000 கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி வாற்கோதுமை, ஆடு, துணி, ஆள் என்று வரவு செலவுக் கணக்கு. மிச்சம், எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்கள். கதையோ பாட்டோ ஒன்றுகூட இல்லை. அரசர்கள் தங்கள் பெயரைக் கல்லில் பொறிப்பதும் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான். மனதில் உள்ளதைச் சொல்வதற்காகவே எழுத்து பிறந்தது என்று போன வாரம் வகுப்பில் பலர் சொன்னீர்கள். இந்தப் பலகைகளைப் பார்த்த பிறகும் அப்படியே சொல்வீர்களா?

2. ஒரே ஒரு பலகையை நிதானமாகப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். ஈரக் களிமண்ணில் நாணல் தண்டை அழுத்தி உண்டாக்கிய வட்டக் குழிகளும் நீள் குழிகளும் எண்கள். பக்கத்தில் ஒரு கதிர், அது வாற்கோதுமை. கூட்டிப் பார்த்தால் 29,086 அளவை. காலம் 37 மாதம். ஓரத்தில் இரண்டு குறிகள், 'குஷிம்' என்று வாசிக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயரா, பதவியின் பெயரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.
 அ) மூன்று ஆண்டுக்கும் மேலான தானியக் கணக்கை மனதிலேயே வைத்துக்கொள்ள முடியாதா? கிராமத்து நெல் வியாபாரிகள் வைத்திருந்தார்களே. அப்படியென்றால் இந்தப் பலகை யாருக்காக எழுதப்பட்டது? எழுதியவருக்கா, அவரைக் கேள்வி கேட்கக்கூடிய வேறொருவருக்கா?
 ஆ) தானியத்தை விளைவித்தவர் பெயர் இதில் இல்லை. நீங்கள் கொண்டுவரும் துண்டில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை? இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

3. உருக்கில் கரடுமுரடான, சாய்ந்த விளிம்புள்ள மண் கிண்ணங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எல்லாம் அச்சில் வைத்துச் செய்தவை, கிட்டத்தட்ட ஒரே அளவு. கூலியாட்களுக்குப் படி அளந்த கிண்ணம் என்பது ஒரு கருத்து. ரொட்டி சுட்ட அச்சு என்பது இன்னொன்று. 'உண்', 'உணவுப் படி' என்ற பொருள் தரும் எழுத்துக்குறியில் ஒரு மனிதத் தலையும் அதன் வாயருகே இப்படியொரு கிண்ணமும் இருக்கின்றன. எனக்கு முதல் கருத்தின் பக்கம்தான் சாய்வு. என்னை மறுத்து எழுத முடியுமா?

4. நெல், கோதுமை போன்றவை ஒரே சமயத்தில் கண்ணெதிரே விளையும், காயவைத்துச் சேமிக்கலாம், அளந்து பிரிக்கலாம். மரவள்ளிக்கிழங்கு மண்ணுக்கடியில் கிடக்கும்; வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். தொடக்ககால அரசுகள் தானியம் விளைந்த இடங்களில் எழுந்ததற்கு இதுவே காரணம் என்று ஒரு வாதம் உண்டு. வரி வசூலிக்க வருபவரின் இடத்தில் உங்களை வைத்து யோசியுங்கள். தானியத்தின் இந்த இயல்பா, ஆற்றுப் பாசனத்தை நிர்வகிக்கும் தேவையா, எது வலுவான விளக்கம்? விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு அது பெரிய உதவி.

5. எகிப்தின் அபிடோஸில் கி.மு. 3200ஐ ஒட்டிய ஒரு கல்லறையில், துளையிட்ட சிறு எலும்பு, தந்தச் சீட்டுகள் கிடைத்தன. பொருள்களோடு கட்டித் தொங்கவிட்டவை. சீனாவின் ஆன்யாங்கில் கிடைத்த ஷாங் அரச மரபுக் காலத்து எலும்புகளிலோ, கி.மு. 1200 வாக்கில், மன்னர் முன்னோரிடம் குறி கேட்ட கேள்விகள் பொறித்திருக்கின்றன. எழுத்து எல்லா இடத்திலும் கணக்கிலிருந்துதான் பிறந்தது என்று இதற்குப் பிறகும் சொல்லலாமா? ஒன்றை மறக்காதீர்கள்: ஓலை, துணி, மூங்கில் மக்கிப்போகும், களிமண்ணும் எலும்பும் மிஞ்சும்.

6. இன்கா அரசு ஆந்தீஸ் மலைத்தொடரில் பெருநிலப்பரப்பை ஆண்டது. எழுத்தாக நாம் வாசிக்கக்கூடியது எதையும் விட்டுச் செல்லவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தது. முடிச்சின் வகையும் இடமும் ஒன்று, பத்து, நூறு என்று எண்ணைக் காட்டும். அப்படியானால் அரசுக்குத் தேவை எழுத்தா, பதிவா? ஐந்து வரி போதும்.

7. கீழடியில் பானை ஓடுகளில் 'ஆதன்' போன்ற ஆட்பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருக்கின்றன. சுட்ட பானையில் கூரான எதையோ வைத்துக் கீறிய எழுத்து. காலத்தால் உருக்குக்கு மிகப் பிந்தியது, அதனால் தோற்றத்தை ஒப்பிட வேண்டாம். எழுத்து யார் கையில் இருந்தது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். தன் பானையில் தன் பெயரைக் கீறிக்கொண்ட ஆதனுக்கும், 29,086 அளவை வாற்கோதுமைக்குப் பொறுப்பான குஷிமுக்கும் எழுத்து ஒரே வேலையைத்தான் செய்ததா?