ரீஃபர்பிஷ்டு லெனோவோ திங்க்பேட் T480: i5-8350U, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி; சோதனை முடிவுகளுடன் முழு விவரம்

விற்பனைக்கு உள்ள இந்த லேப்டாப் 2018இல் வெளிவந்த மாடல். ஓர் அலுவலகத்திலிருந்து மொத்தமாகக் கழித்துவிடப்பட்டவற்றில் ஒன்றாக எங்கள் சென்னைக் கடைக்கு வந்து, பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டு, மூன்று நாட்கள் சோதிக்கப்பட்டது. விலை ரூ. 21,500. கீழே உள்ள எண்கள் அனைத்தும் இதே பெட்டியில் எடுக்கப்பட்டவை. இதே மாடலில் வேறொரு பெட்டிக்கு எடுத்த முடிவையோ, தயாரிப்பாளரின் விளம்பரத்தாளில் உள்ள எண்ணையோ இங்கே சோதனை முடிவாகப் போடவில்லை. சோதனை நடந்த அறையில் ஏ.சி. கிடையாது, வெப்பநிலை 31 டிகிரி. பெரும்பாலோர் வீட்டில் இதைப் பயன்படுத்தப்போகும் சூழலும் ஏறக்குறைய அதுவே என்பதால்தான் அப்படிச் செய்தோம்.

பிராசசர்

இன்டெல் கோர் i5-8350U. நான்கு கோர், எட்டு த்ரெட், 6 எம்பி கேஷ். அடிப்படை வேகம் 1.7 கிகாஹெர்ட்ஸ், டர்போ வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை. “i5” என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த i5-7300U-வும் i5தான். ஆனால் அதில் இரண்டே கோர், நான்கே த்ரெட். சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி வேறிடத்தில் வாங்கிய லேப்டாப்பை எடுத்து வந்து, “ரெண்டு புரோகிராம் திறந்தாலே திணறுது அண்ணா, வைரஸா இருக்குமா?” என்று கேட்டார். வைரஸ் எதுவும் இல்லை. விளம்பரத்தில் “i5, 16 ஜிபி” என்று மட்டுமே எழுதியிருந்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது அந்த இரண்டு கோர் பிராசசர். விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் வேகத்தை மதிப்பிடத் தேவையான ஒரே தகவலை எழுதாமல் விட்டுவிட்டார். அதனால்தான் இங்கே முழு மாடல் எண்ணையும் எழுதுகிறேன். தலைமுறை வேறுபாட்டால் இன்னொரு விளைவும் உண்டு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர் பட்டியலில் i5-8350U இருக்கிறது, i5-7300U இல்லை. இந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 ப்ரோ எந்தக் குறுக்குவழியும் இல்லாமல் முறையாக நிறுவப்பட்டுள்ளது.

3.6 கிகாஹெர்ட்ஸ் என்பது சில நொடிகளுக்கு, அதிலும் ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உழைக்கும்போது எட்டக்கூடிய உச்சம். இது 15 வாட் பிராசசர் என்பதால், நான்கு கோர்களும் தொடர்ந்து வேலை செய்தால் வேகம் இறங்கியே தீரும். எவ்வளவு இறங்குகிறது, எங்கே நிலைக்கிறது என்பதே வாங்குகிறவருக்குத் தேவையான செய்தி. பிராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் R23 சோதனையில் ஒற்றைக் கோர் மதிப்பெண் 962. அனைத்துக் கோர்களையும் இயக்கும்போது முதல் சுற்றில் 3,704 வந்தது. பத்து நிமிடம் இடைவிடாமல் ஓட்டியபின் அது 3,186-இல் நிலைத்தது. அந்த நிலையில் நான்கு கோர்களும் 2.6 கிகாஹெர்ட்ஸில் ஓடின, வெப்பநிலை தொடக்கத்தில் 91 டிகிரியைத் தொட்டுவிட்டு 74-இல் நின்றது. பெரிய எண்ணான 3,704-ஐ மட்டும் போட்டு விற்கலாம். ஆனால் அரை மணி நேரம் வேலை செய்கிறவருக்குக் கிடைப்பது 3,186தான்.

இந்தப் பெட்டி எங்களிடம் வந்தபோது இதே பத்து நிமிடச் சோதனையில் கிடைத்தது 2,614 மட்டுமே. சுமை ஏறியதும் 97 டிகிரிக்குப் போய், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொண்டது. அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி அடைத்திருந்தது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. தூசியை அகற்றிப் புதிய பேஸ்ட் தடவிய பிறகு வந்ததே மேலே உள்ள முடிவு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலான வேகம். சுத்தம் செய்யாத ஒரு பெட்டியும் இதுவும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டியபோது பத்து நிமிட மதிப்பெண் 3,042.

ரேம்

16 ஜிபி, டிடிஆர்4, 2400 வேகம். 8 ஜிபி வீதம் இரண்டு சில்லுப் பலகைகள், இரண்டு ஸ்லாட்டிலும். ஒரே 16 ஜிபி பலகையைப் போட்டிருந்தால் விலை சற்றுக் குறைந்திருக்கும், பின்னால் கூட்டவும் ஒரு ஸ்லாட் காலியாக இருந்திருக்கும். இருந்தாலும் இரண்டாகப் போட்டதற்குக் காரணம், இதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது என்பதுதான். பிராசசருக்குள் இருக்கும் UHD 620 கிராஃபிக்ஸ், படம் காட்டுவதற்கு இதே ரேமைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு பலகையை மட்டும் செருகிப் பார்த்தபோது படிக்கும் வேகம் நொடிக்கு 17.6 ஜிபி, இரண்டையும் செருகியபோது 34.1 ஜிபி. கணக்குப்படி அதிகபட்சம் முறையே 19.2, 38.4 என்பதால் இரண்டு முடிவுகளும் இயல்பானவை. ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86-இல் நான்கு சுற்று, ஓர் இரவு முழுவதும் ஓடியது. பிழை ஒன்றுகூட இல்லை.

சிபியு-இசட் நிரலைத் திறந்தால் ரேமின் வேகம் 1,197 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். அதைப் பார்த்துப் பாதி வேக ரேமைப் போட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவை அனுப்புவதால், அந்த எண்ணின் இருமடங்கே பெயரில் வரும் 2400.

குரோமில் 24 தாவல்கள், ஒரு ஜூம் வகுப்பு, 40,000 வரிசைகள் கொண்ட எக்செல் தாள், டேலி பிரைம் ஆகிய நான்கையும் சேர்த்துத் திறந்து வைத்தபோது 11.2 ஜிபி பிடித்தது. 8 ஜிபி மட்டும் இருந்த நிலையில் இதே சுமையைக் கொடுத்தோம். தாவல் மாற்றும்போதெல்லாம் பக்கம் மறுபடி ஏறத் தொடங்கியது.

சேமிப்பு

512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸில் 476 ஜிபி என்று தெரியும். கணக்கிடும் முறையின் வேறுபாடே தவிர இடம் எதுவும் குறையவில்லை. இது சாட்டா வகை எஸ்எஸ்டி, அதைவிட வேகமான என்விஎம்இ அல்ல. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், “எஸ்எஸ்டி” என்ற பொதுப் பெயரின்கீழ் இரண்டும் விற்கப்படுகின்றன என்பதே. எஸ்எஸ்டியின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் நிரலின் முடிவு: தொடர் வாசிப்பு நொடிக்கு 538 எம்பி, தொடர் எழுத்து 486 எம்பி. சாட்டா இணைப்பில் இதற்குமேல் எதிர்பார்க்க இடமில்லை. ஆனால் அன்றாடம் கை உணரும் வேகம், சிறுசிறு கோப்புகளைக் கையாளும் RND4K Q1T1 வரியில்தான் இருக்கிறது: வாசிப்பு 31 எம்பி, எழுத்து 74 எம்பி. அந்த வரிசையில் என்விஎம்இ இதைவிட மேலானதே என்றாலும், தொடர் வாசிப்பில் காணும் அளவு பெரிய இடைவெளி அங்கே இருக்காது. ஆகவே வேர்டு, பிரவுசர், கணக்குப் பதிவு போன்ற வேலைகளுக்கு இது போதும். நாள்தோறும் பெரிய வீடியோக் கோப்புகளை நகலெடுப்பவருக்குப் போதாது. 100 ஜிபி கோப்பு ஒன்றைத் தொடர்ந்து எழுதியபோது, முதல் 41 ஜிபி வரை 470 எம்பி வேகத்தில் போய், பிறகு 180 எம்பிக்கு இறங்கிவிட்டது. உரிய கேபிளும் தாங்கியும் வாங்கினால் பின்னாளில் என்விஎம்இ பொருத்திக்கொள்ளலாம்.

இந்த எஸ்எஸ்டி புதியதன்று. 11,306 மணி நேரம் ஓடியிருக்கிறது, 17 டிபி எழுதப்பட்டிருக்கிறது, மீதமுள்ள ஆயுள் 93 விழுக்காடு என்று எஸ்எஸ்டி தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவு சொல்கிறது. பழுதான பகுதிகள் சுழியம். பழைய தரவு முழுவதும் பாதுகாப்பாக அழிக்கப்பட்டுவிட்டது.

அன்றாட வேகம்

பொத்தானை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும் வரை 21 நொடிகள். மூன்று முறை எடுத்த சராசரி, வேகத் தொடக்க வசதியை அணைத்துவிட்டு அளந்தது. பத்து நிமிட 1080p வீடியோவை ஹேண்ட்பிரேக்கில் x264 முறையில் மாற்ற 5 நிமிடம் 46 நொடி ஆனது. யூடியூப் 4கே வீடியோ, விபி9 முறையில் வந்தால் தடையின்றி ஓடுகிறது. ஏவி1 முறையில் வந்தால் அதைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் இந்தத் தலைமுறையில் இல்லாததால் சுமை முழுவதும் கோர்களின் மேல் விழுந்து, ஃபேன் சத்தம் கேட்கத் தொடங்குகிறது; 1080p அளவுக்குச் சிக்கல் இல்லை. புதிய முப்பரிமாண விளையாட்டுகளுக்காகவோ, தொழில்முறை வீடியோ எடிட்டிங்கிற்காகவோ தயவுசெய்து இதை வாங்காதீர்கள்.

இதில் இரண்டு பேட்டரிகள் உண்டு. உள்ளே 24 வாட்-மணி, வெளியே 24 வாட்-மணி. இப்போது முழுச் சார்ஜில் உள்ளே இருப்பது 19.1 வாட்-மணியும் வெளியே இருப்பது 17.6 வாட்-மணியும் பிடிக்கின்றன. வைஃபையில் பிரவுசரும் வேர்டும் பயன்படுத்தி, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து ஓட்டியபோது 5 மணி 10 நிமிடம் தாங்கியது. தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டோம். இந்த மாடலுக்கு அது அவசியம், செய்யாமல் விட்டால் யுஎஸ்பி-சி துளை நாளடைவில் கோளாறு தரக்கூடும்.

திரை 14 அங்குலம், 1920×1080, ஐபிஎஸ். செத்த புள்ளி எதுவும் இல்லை. மூடியின் வலது ஓரத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கீறல் இருக்கிறது, படத்தில் காணலாம். விசைப்பலகையில் ஸ்பேஸ் பார் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது.

நேரில் வருகிறவர்கள் பவர்ஷெல்லைத் திறந்து இந்த மூன்று வரிகளையும் தாங்களே இயக்கிப் பார்க்கலாம்:

```
Get-CimInstance Win32_Processor | Select-Object Name, NumberOfCores
Get-CimInstance Win32_PhysicalMemory | Select-Object Capacity, Speed
powercfg /batteryreport
```

முதல் வரி பிராசசரின் முழுப் பெயரையும் கோர் எண்ணிக்கையையும், இரண்டாவது ரேம் பலகைகளைத் தனித்தனியாகவும் காட்டும். மூன்றாவது பேட்டரி அறிக்கையைக் கோப்பாகச் சேமிக்கும். சினிபெஞ்ச் பத்து நிமிடச் சோதனையையும் உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுகிறோம், அவசரப்படுத்த மாட்டோம். அங்கே 3,000-க்குக் கீழே எண் வந்தால் அன்றைக்கு அந்தப் பெட்டியை விற்பதில்லை, மறுபடி பிரித்துப் பார்ப்போம். 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் உடன் வரும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்கு ஆறு மாத உத்தரவாதம்; பேட்டரிக்கு ஒரு மாதம் மட்டுமே.