2025-26 வரவு செலவுத் திட்ட மதிப்பீடு: மழைநீர் வடிகால் பராமரிப்பு, வட சென்னைப் பிரிவு – விளக்கக் குறிப்புகளும் அடிக்குறிப்புகளும்

(தொகைகள் இலட்சம் ரூபாயில்)

| இனம் | 2023-24 கணக்கு | 2024-25 மதிப்பீடு | 2024-25 திருத்த மதிப்பீடு | 2025-26 மதிப்பீடு |
|---|---|---|---|---|
| சம்பளமும் படிகளும் (அ) | 611.38 | 640.00 | 652.00 | 684.00 |
| தூர்வாருதல், பழுதுபார்ப்பு (ஆ) | 874.20 | 900.00 | 942.00 | 1,148.00 |
| நீரிறைப்பு (இ) | 398.65 | 310.00 | 364.00 | 352.00 |
| அலுவலகச் செலவு | 21.07 | 22.00 | 22.00 | 23.00 |
| மொத்தம் | 1,905.30 | 1,872.00 | 1,980.00 | 2,207.00 |

பொதுக் குறிப்பு

2025-26ஆம் ஆண்டுக்குக் கோரப்படும் தொகை நடப்பாண்டின் திருத்த மதிப்பீட்டைவிட ₹227.00 இலட்சம், அதாவது 11.5 விழுக்காடு கூடுதலாகும். இந்த உயர்வில் ₹161.00 இலட்சம், மூலதனக் கணக்கில் கட்டி முடிக்கப்பட்டு இப்பிரிவின் பொறுப்புக்கு வந்துள்ள புதிய வடிகால்களைப் பராமரிப்பதற்கு மட்டுமே உரியது. வடிகால் கட்டுவது ஒரு கணக்கிலும் அதைத் தூர்வாருவது வேறொரு கணக்கிலும் வருவதால், கட்டுமானம் நிறைவுற்ற ஆண்டில் மூலதனச் செலவு குறைவதும் வருவாய்ச் செலவு கூடுவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களே. இவற்றைத் தனித்தனியே பார்ப்பவருக்குப் பிந்தையது காரணமற்ற உயர்வாகத் தோன்றக்கூடும். சென்ற ஆண்டுத் தொகையின்மேல் குறிப்பிட்ட விழுக்காட்டைக் கூட்டிக் கேட்கும் வழக்கத்தை விடுத்து, தூர்வாருதலுக்கான கோரிக்கை இம்முறை ஓடுமீட்டர் கணக்கில் அமைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான்.

(அ) சம்பளமும் படிகளும்

திருத்த மதிப்பீட்டில் கூடியுள்ள ₹12.00 இலட்சம், அகவிலைப்படி 2024 ஜூலை 1 முதல் 50 விழுக்காட்டிலிருந்து 53 விழுக்காடாக உயர்த்தப்பட்டதன் விளைவாகும். 2025-26இல் கூடும் ₹32.00 இலட்சத்தில், ஆண்டு ஊதிய உயர்வுக்கும் மேற்படி அகவிலைப்படியின் முழு ஆண்டு விளைவுக்கும் ₹22.80 இலட்சமும், அவ்வாண்டில் ஓய்வுபெறும் இரு பணியாளர்களின் விடுப்புக்கு ஈடான தொகைக்கு ₹9.20 இலட்சமும் அடங்கும்.

*அடிக்குறிப்பு 1:* இனி அறிவிக்கப்படக்கூடிய அகவிலைப்படி உயர்வுக்கு ஒதுக்கீடு கோரப்படவில்லை. ஆணை வெளியானபின் திருத்த மதிப்பீட்டில் கோரப்படும். காலியாக உள்ள 3 இளநிலைப் பொறியாளர் பணியிடங்களும், நிரப்புதற்கான ஆணை பெறப்படாமையால், கணக்கில் சேர்க்கப்படவில்லை.

(ஆ) தூர்வாருதல், பழுதுபார்ப்பு

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் கட்டப்பட்டுவரும் வடிகால்களில், திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்களைச் சேர்ந்த 41.6 கி.மீ. நீளம் இப்பிரிவின் பராமரிப்புக்கு வருகிறது. இதில் 21 கி.மீ. நடப்பாண்டிலேயே ஒப்படைக்கப்பட்டு, பருவமழைக்கு முன் ஒருமுறை மீட்டருக்கு ₹200 வீதம் தூர்வாரப்பட்டது. திருத்த மதிப்பீட்டில் மிகுந்துள்ள ₹42.00 இலட்சம் இச்செலவே. 2025-26இல் முழு நீளமும் இருமுறை, மீட்டருக்கு ₹210 வீதம் தூர்வாரப்பட வேண்டியுள்ளதால் ₹174.72 இலட்சம் தேவைப்படுகிறது. நடப்பாண்டில் இதற்கெனக் காட்டப்பட்ட ₹42.00 இலட்சத்தைக் கழித்தால் நிகர உயர்வு ₹132.72 இலட்சமாகும். ஏற்கெனவே பராமரிப்பில் உள்ள வடிகால்களுக்கு இதே 5 விழுக்காட்டு வீத உயர்வால் ₹45.00 இலட்சம் கூடுகிறது.

இரண்டாவது தூர்வாரலைக் கைவிட்டு மிச்சம் காணலாமே என்ற வினா நிதிப் பிரிவிலிருந்து எழக்கூடும் என்பதால் அதுபற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. இப்பகுதி கடல்மட்டத்தை ஒட்டிய சமதளம்; வடிகால்களின் சரிவு மிகக் குறைவு; பெரும்பாலானவை பக்கிங்காம் கால்வாயின் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கி வடிபவை. கடல் ஏற்றத்தின்போது கால்வாயின் நீர்மட்டம் உயர்ந்து வடிகாலின் வாயை அடைத்துக்கொள்வதால் உள்ளே நீர் தேங்கி, மழையோடு வந்த மணலும் சேறும் அங்கேயே படிகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை செய்யப்படும் முதல் தூர்வாரல் வடகிழக்குப் பருவமழையை எதிர்கொள்வதற்கானது. ஜனவரியில் செய்யப்படும் இரண்டாவது, அப்பருவமழை விட்டுச்சென்ற படிவை அது இறுகுமுன் எடுப்பதற்கானது. இறுகிய படிவை ஆள் கொண்டு அகற்ற இயலாது. மேல்மூடிகளைப் பெயர்த்து இயந்திரத்தை இறக்க வேண்டும். அவ்வாறு செய்த இடங்களில் செலவு மீட்டருக்கு ₹500ஐத் தாண்டியுள்ளதை இப்பிரிவின் அளவுப் புத்தகங்கள் காட்டுகின்றன.

புதிய வடிகால்களின் மேல்மூடிகளை மாற்றுவதற்கு ₹28.28 இலட்சம் தனியே கோரப்படுகிறது. மணலி விரைவுச் சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் துறைமுகத்துக்குச் செல்லக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையோரம் ஒதுங்கும்போது பின்சக்கரங்கள் மூடியின்மேல் ஏறுகின்றன. நடைபாதைச் சுமைக்கென வார்க்கப்பட்ட மூடி அதைத் தாங்குவதில்லை. எனவே இவ்விரு சாலைகளில் மட்டும் கனரக மூடிகள் பொருத்த உத்தேசிக்கப்பட்டுள்ளது.

*அடிக்குறிப்பு 2:* மூடி மாற்றும் பணியின் வரிக்கு முந்தைய மதிப்பு ₹23.97 இலட்சம், இதனுடன் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்க்கப்பட்டுள்ளது. அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் செய்யப்படும் ஒப்பந்தப் பணிகளுக்கு முன்பு இருந்த 12 விழுக்காட்டுச் சலுகை வீதம் 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டதால், அதற்கு முந்தைய மதிப்பீடுகளோடு இத்தொகையை நேரடியாக ஒப்பிடலாகாது.

*அடிக்குறிப்பு 3:* ஒப்பந்ததாரரின் குறைதீர்ப்புக் காலத்துக்குள் வரும் கட்டுமானக் குறைகளுக்கு இவ்வினத்தில் செலவு காட்டப்படவில்லை. அவை ஒப்பந்ததாரரால் அவரது செலவிலேயே சரிசெய்யப்பட வேண்டியவை. தூர்வாருதல் கட்டுமானக் குறை அன்று. ஆகவே அது ஒப்படைக்கப்பட்ட நாள் முதல் இப்பிரிவின் பொறுப்பாகும்.

(இ) நீரிறைப்பு

2023-24 கணக்கில் காணப்படும் ₹398.65 இலட்சத்தில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அவசரமாக வாடகைக்கு எடுக்கப்பட்ட டீசல் மோட்டார்களுக்கான ₹71.00 இலட்சம் அடங்கும். அது வழக்கமான செலவு அன்று. அடுத்த ஆண்டுகளின் மதிப்பீட்டுக்கு அதை அடிப்படையாகக் கொள்ளவில்லை. நடப்பாண்டில் நவம்பர் 30 வரை ₹268.40 இலட்சம் செலவாகியுள்ளது. நிலுவைப் பட்டியல்களுக்கும் எஞ்சிய நான்கு மாதங்களுக்கும் ₹95.60 இலட்சம் தேவைப்படும். அக்டோபர் நடுவில் பெய்த கனமழையும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 4.83 விழுக்காட்டு மின்கட்டண உயர்வும் மூல மதிப்பீட்டை மிஞ்சியதற்குக் காரணங்கள்.

2025-26க்குக் கோரப்படும் ₹352.00 இலட்சத்தில் மின்கட்டணம் ₹118.00 இலட்சம், டீசலும் மோட்டார் வாடகையும் ₹171.00 இலட்சம், இயக்குநர் கூலியும் பராமரிப்பும் ₹63.00 இலட்சம். கணேசபுரம், ஸ்டான்லி, வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதைகளில் வாடகை டீசல் மோட்டார்களுக்கு மாற்றாகச் சொந்த மின்மோட்டார்கள் நிறுவப்படுவதால் ₹12.00 இலட்சம் குறைத்துக் காட்டப்பட்டுள்ளது. மின்தடை ஏற்படும் இரவுகளை எண்ணி, சுரங்கப்பாதை ஒன்றுக்கு ஒரு டீசல் மோட்டார் தொடர்ந்து வாடகையில் வைக்கப்படும். இதையும் நீக்கிச் சிக்கனம் காண்பதை இப்பிரிவு பரிந்துரைக்கவில்லை.

*அடிக்குறிப்பு 4:* மின்மோட்டார்களின் கொள்முதல் விலை மூலதனக் கணக்கில் சேரும். இங்கு இயக்கச் செலவு மட்டுமே காட்டப்பட்டுள்ளது. மிக்ஜாம் அளவிலான பேரிடர் நேர்ந்தால் ஏற்படும் கூடுதல் செலவுக்குத் துணை ஒதுக்கீடு தனியே கோரப்படும்.

ஒதுக்கீடு விடுவிப்பு

முதல் தூர்வாரல் செப்டம்பருக்குள் முடிய வேண்டியிருப்பதால், (ஆ) இனத்தின் ஒதுக்கீட்டில் 60 விழுக்காடு, அதாவது ₹688.80 இலட்சம், ஆகஸ்ட் 31க்குள் விடுவிக்கப்படுமாறு கோரப்படுகிறது. நடப்பாண்டுத் திருத்த மதிப்பீட்டின் ₹108.00 இலட்சம் மிகுதியை ஈடுசெய்ய இப்பிரிவின் பிற இனங்களில் சேமிப்பு இல்லை. ஆதலால் மறு ஒதுக்கீட்டுக்கு வழியின்றிக் கூடுதல் ஒதுக்கீடே வேண்டப்படுகிறது.

மேற்கண்ட தொகைகள் 2024 நவம்பர் 30 வரையிலான செலவினப் பதிவேட்டுடன் ஒத்துப்பார்க்கப்பட்டன.

செயற்பொறியாளர்,
மழைநீர் வடிகால், வட சென்னைப் பிரிவு