மல்லிகா அக்காவுக்கு: 19 பக்கக் கருத்துரையின் சாரம், மூன்றே விஷயங்களில்

வணக்கம் அக்கா,

வழக்கறிஞர் அனுப்பிய சட்டக் கருத்துரையை நான்கைந்து முறை படித்தும் தூக்கம்தான் போனது என்று போனில் சொன்னீர்கள். அதில் பாதிக்குமேல் பழைய தீர்ப்புகளும் சட்டப் பிரிவுகளும்தான். அவை நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் எங்களுக்குத் தேவை. உங்களுக்குத் தேவையானதை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன். வழக்கறிஞர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

முதலில் வீடு. யீஷூன் வீடு உங்களுடையது. வீவக வீட்டை நீங்களும் மறைந்த உங்கள் கணவரும் கூட்டு உரிமையில் வாங்கியிருக்கிறீர்கள். அப்படி வாங்கிய வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் உரிமை தானாகவே மற்றவருக்குப் போய்விடும். அது அவர் விட்டுச்சென்ற சொத்துக் கணக்கிலேயே வராது. அதனால் கொழுந்தனாரோ அத்தையோ அதில் பங்கு கேட்க முடியாது, அவருடைய கடனுக்காக யாரும் அதைப் பிடிக்கவும் முடியாது. நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால், சிங்கப்பூர் நில ஆணையத்தில் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்தது வீட்டுக் கடன். மசேநி பணத்தில் தவணை கட்டிவந்ததால் அவர் பெயரில் வீட்டுப் பாதுகாப்புத் திட்டக் காப்புறுதி இருக்கிறது, 70 விழுக்காட்டுக்கு. பாக்கி 110,000 வெள்ளி. கோரிக்கையை ஏற்றுக்கொண்டால் 77,000 வெள்ளி அடைந்துவிடும், மிச்சம் 33,000 உங்கள் பொறுப்பு. கோரிக்கையை மசேநி கழகத்திடம் இந்த வாரமே போட்டுவிடுங்கள். முடிவு வரும்வரை தவணையை நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது, மசேநி பணம். நீங்கள் அதிகம் பயந்தது இதற்குத்தான். கருத்துரையில் இது பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தியாக இருப்பதால் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். உங்கள் கணவர் 2004-ல் அம்மா பெயருக்கு நியமனம் செய்திருந்தார். அந்தத் தாளைத்தான் கொழுந்தனார் கொண்டுவந்து காட்டினார். ஆனால் 2009-ல் உங்கள் கல்யாணம் நடந்த அன்றே அந்த நியமனம் சட்டப்படி ரத்தாகிவிட்டது. யாரும் போய் ரத்து செய்ய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. எனவே 148,000 வெள்ளியும் பப்ளிக் டிரஸ்டி அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் உயில் இல்லாதவர்களுக்கான சட்டப்படி பிரிப்பார்கள்: பாதி உங்களுக்கு, மறுபாதி பிள்ளைகள் இருவருக்கும் சமமாக. அதாவது உங்களுக்கு 74,000, பிள்ளைகளுக்குத் தலைக்கு 37,000. அலுவலகக் கட்டணம் என்று கொஞ்சம் கழிப்பார்கள். பிள்ளைகளின் பங்கை அவர்களுக்கு உரிய வயது வரும்வரை அந்த அலுவலகமே வைத்திருக்கும், அதை நீங்களாக எடுத்துச் செலவழிக்க முடியாது. பள்ளிச் செலவுக்கு அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது தாய்க்குச் சட்டம் பங்கு கொடுப்பதில்லை. இதை அத்தையிடம் நேரில் சொல்வது உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும். மகனைப் பறிகொடுத்தவர், அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அது நல்ல மனசு. அதை உங்கள் பங்கிலிருந்துதான் கொடுக்க முடியும். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. இப்போது வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம்: வங்கியில் அவர் பெயரில் மட்டும் இருக்கும் 62,000 வெள்ளியும், கொழுந்தனார் சொல்லும் 40,000 வெள்ளிக் கடனும்.

வங்கிப் பணத்தை எடுக்க லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற நீதிமன்ற அனுமதி வேண்டும். அதைக் கேட்பதில் மனைவிக்குத்தான் முதல் உரிமை. பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் நிர்வாகியாக இரண்டு பேர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கொழுந்தனார் ‘நான் இரண்டாவது ஆளாக இருக்கிறேன்’ என்று முன்வந்தாராமே! கடன் கேட்பவரே பணத்தைப் பிரிக்கும் இடத்தில் உட்காருவது சரிவராது. உட்லண்ட்ஸில் இருக்கும் உங்கள் தங்கையைக் கேளுங்கள். மார்ச் 11-ல் உங்கள் கணவர் தவறியதால் செப்டம்பர் 11-க்குள் மனுப் போட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் தாண்டினால் உரிமை போய்விடாது, ஆனால் ஏன் தாமதம் என்று நீதிமன்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். அனுமதி கைக்கு வரும்வரை அவருடைய ஏடிஎம் கார்டைத் தொடாதீர்கள். காரியத்துக்கென்று ஏற்கெனவே எடுத்த 1,500 வெள்ளிக்கு ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

கடன் விஷயம். கணவர் பட்ட கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால், உங்கள் சம்பளத்திலிருந்து அதைக் கட்ட வேண்டியதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கேட்க முடியும், அதற்கும் ஆதாரம் வேண்டும். வீடு அந்தக் கணக்கில் இல்லை, மசேநி பணமும் இல்லை. மோசமான கணக்கையே போட்டுப் பார்ப்போம்: ஈமச்சடங்குச் செலவு 9,000, முழுக் கடன் 40,000 இரண்டும் போனாலும் வங்கிப் பணத்தில் 13,000 மிச்சம் இருக்கும். பயப்படும் அளவுக்கு இல்லை, பார்த்தீர்களா?

அந்த அளவுக்குக்கூடப் போகாமல் இருக்கலாம். பணம் கொடுத்தது 2018-ல் என்று கொழுந்தனாரே சொல்கிறார். இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டுகள்தான் கெடு. ஆனால் ‘ஆமாம், கடன் இருக்கிறது’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கெடு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கலாம். அவர் தந்த ஒரு பக்கக் ‘குடும்ப ஒப்பந்தத்தில்’ நாலாவது வரி அதுதான்: கடனை ஒப்புக்கொள்கிறேன் என்று. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் ‘சரி’, ‘பார்க்கலாம்’, ‘கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம்’ என்று எதுவும் எழுத வேண்டாம். அவர் மெசேஜ் அனுப்பினால் இதை அப்படியே அனுப்புங்கள்: ‘எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே எழுதிக் கேளுங்கள்.’ நேரில் வந்து கேட்டாலும் இதே பதில்தான். தேநீர் கொடுங்கள், பேனாவை மட்டும் எடுக்காதீர்கள்.

கருத்துரையில் கடன் பற்றியே ஆறு பக்கம் இருப்பதைப் பார்த்து நிலைமை மோசம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. எதிர்த்தரப்பு என்னென்ன சொல்லக்கூடும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதியதால் வந்த நீளம் அது.

வெள்ளிக்கிழமை மாலை வரும்போது இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கடைசி வங்கிக் கணக்கு அறிக்கை, அந்த ஒப்பந்தத் தாள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். முடிந்தால் தங்கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடமும் சில கையெழுத்துகள் வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் யாராவது எந்தத் தாளையாவது நீட்டினால், போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அன்புடன்,
கவிதா
வழக்கறிஞரின் உதவியாளர்